மலையில் இல்லாத காய்ச்சல்

1853இல் டாவோஸுக்கு ஊர் வைத்தியராக வந்த அலெக்சாண்டர் ஸ்பெங்லர் ஓர் அகதி. பாடன் புரட்சியில் பங்கெடுத்து, அது தோற்றதும் ஜெர்மனியை விட்டுத் தப்பி, சூரிச்சில் மருத்துவம் படித்தவர். கடல்மட்டத்திலிருந்து 1,560 மீட்டர் உயரத்தில், அன்று மாடும் புல்லும் தவிர வேறொன்றும் இல்லாதிருந்த இந்தப் பள்ளத்தாக்கில் அவர் ஒரு விடயத்தைக் கவனித்தார். இங்கு பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சயரோகம் இல்லை. வெளியூருக்கு வேலைக்குப் போய் நோயோடு திரும்பியவர்களும் இங்கே வந்து தேறினார்கள். அப்படியானால் மலை அந்த நோயிலிருந்து காக்கிறது என்று அவர் முடிவு செய்தார். 1865 பெப்ரவரியில் முதல் இரு நோயாளிகள் பனிக்காலத்திலேயே ஏறி வந்தார்கள். அதன் பிறகு டாவோஸ் ஒரு மருத்துவ நகரமாயிற்று.

நான் இந்த ஊரில் வசிப்பவன். இன்று விடுதிகளாக நிற்கும் பல கட்டடங்கள் சானட்டோரியங்களாக இருந்தவை. நோயாளிகளை மொட்டைமாடங்களில் வெயிலில் கிடத்திவைத்த காலம் 1940களின் பிற்பகுதியில் ஸ்ட்ரெப்டோமைசின் புழக்கத்துக்கு வந்ததோடு முடியத் தொடங்கியது. மருந்து வந்தபின் மலைக்கு வேலையில்லாமற் போயிற்று. ஸ்பெங்லர் கண்டது பொய்யல்ல. ஆனால் நெரிசலான நகரங்களில் பரவும் தொற்றுநோய், ஆட்கள் ஐதாக வாழும் ஒதுக்குப்புறப் பள்ளத்தாக்கில் குறைவாக இருப்பதற்கு உயரம்தான் காரணம் என்று சொல்ல வேண்டியதில்லை. உயரமும் நோயின்மையும் ஒரே இடத்தில் இருந்தன, அவ்வளவுதான்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. நமது இரத்தத்திலுள்ள சில பரம்பரைக் குறைபாடுகள் மலேரியாவினால்தான் பரவின என்ற கருத்தும் இதே போன்ற ஒரு பொருத்தத்திலிருந்துதான் தொடங்கியது. மலேரியா உள்ள தாழ்நிலத்தில் அக்குறைபாடுகள் அதிகம், மலேரியா இல்லாத மலையில் குறைவு. ஸ்பெங்லரின் முடிவு நிலைக்கவில்லை. இது நிலைத்தது. ஏன் என்பதற்கான விடையின் ஒரு பகுதி நீலகிரியில் இருக்கிறது.

1952இல் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தென்னிந்தியாவில் அரிவாள் அணு இருக்கிறது என்பதே செய்தி. அதுவரை அது ஆபிரிக்கர்களுக்கும் ஆபிரிக்க வம்சாவளியினருக்கும் உரியதென்றே பெரும்பாலும் எண்ணப்பட்டிருந்தது. லேமனும் ஓர் அகதி. யூதர் என்பதால் ஹிட்லரின் ஜெர்மனியில் பட்டம் பெற முடியாமல், 1934இல் சுவிற்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் இங்கிலாந்துக்குப் போனவர். போர்க்காலத்தில் இராணுவ மருத்துவராக இந்தியாவில் இரத்தசோகையை ஆராய்ந்தவர். கட்புஷ் இரத்தவகைகளில் தேர்ந்த அவுஸ்திரேலியர்.

அரிவாள் அணு என்பது என்ன? செங்குழியத்துக்குள் ஒட்சிசனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதன் பீற்றா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் கோத்திருக்கின்றன. ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் வந்து அமர்ந்துவிட்டால், ஒட்சிசன் குறையும்போது அந்தப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பிகளாகி, வட்டமான குழியத்தை அரிவாள் போல் வளைத்துவிடும். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்ற பிள்ளைக்கு அது நோய். வலி, இரத்தசோகை, தொற்றுகள் என்று வரும். மருத்துவ வசதியற்ற ஆபிரிக்கக் கிராமங்களில் அத்தகைய பிள்ளைகளில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே இறந்தார்கள். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் காவி. அவருக்குப் பொதுவாக ஒரு தொல்லையும் இல்லை. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, காற்றுப் புகாமல் மூடி வைத்தால் காவியின் குழியங்களும் வளையும். சாதாரண நுணுக்குக்காட்டி போதும் என்பதால்தான் இச்சோதனையை மலைக்காட்டுக்கும் கொண்டுபோக முடிந்தது.

நீலகிரியில் கிடைத்த முடிவுகள் மலையின் அமைப்போடு ஒத்துப்போயின. சரிவுகளிலும் அடிவாரக் காடுகளிலும் வாழும் இருளர் போன்றோரிடம் காவிகள் மிக அதிகம், மூன்றில் ஒருவர் என்ற அளவை நெருங்கும்படி. ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்துப் பீடபூமியில் வாழும் படகரிடமும் எருமை மேய்க்கும் தோடரிடமும் குறைவு. வயநாட்டுப் பணியரிடம் மறுபடி அதிகம். 1819இல் ஜான் சல்லிவன் ஏறிப்போய் ஊட்டியை ஆங்கிலேயரின் உடல்தேறும் இடமாக ஆக்கினார் அல்லவா? அங்கே போகும் வழியில் அவர்கள் அஞ்சியது இந்த அடிவாரக் காட்டைத்தான். ஓர் இரவு தங்கினாலே காய்ச்சல் பிடிக்கும் என்பார்கள். ஓடைகளில் வளரும் அனோபிலிஸ் ஃபுளூவியாட்டிலிஸ் என்ற நுளம்பு அங்கே மலேரியாவைப் பரப்புகிறது. குளிர்ந்த உயரத்தில் நுளம்பின் உடலுக்குள் ஒட்டுண்ணி வளர்ந்து முடிவதற்குள் நுளம்பின் ஆயுள் முடிந்துவிடும். குறிப்பாக, கொல்லும் மலேரியாவான ஃபல்சிபாரத்துக்கு ஏறக்குறைய 18 பாகை செல்சியஸுக்குக் குறைந்தால் வளர்ச்சி நின்றுபோகிறது.

இன்று இதைப் படிக்கும் எவரும் உடனே மலேரியா என்று சொல்லிவிடுவார்கள். லேமன் முதலில் அப்படிச் சொல்லவில்லை. அவருடைய மனம் போனது இனத்தின் பக்கம். இந்தியாவின் பழங்குடிகள், தென் அரேபியர், இலங்கை வேடர் எல்லோரையும் ‘வெட்டொயிட்’ என்ற ஒரே தொல்லினமாக அக்கால மானிடவியலார் வகைப்படுத்தியிருந்தார்கள். அந்த இனத்திடம் தோன்றிய அரிவாள் அணு அரேபியா வழியாக ஆபிரிக்காவுக்குப் போயிருக்கும் என்று அவர் கருதினார். அந்தக் கருத்துக்கு ஒரு நல்ல குணம் இருந்தது: அதைச் சோதித்துப் பார்க்க முடியும். இனத்தின் பெயரே வேடரிடமிருந்து வந்தது என்றால், இலங்கை வேடரிடம் அரிவாள் அணு இருக்க வேண்டும். சோதித்தார்கள். அவர்களிடம் கிடைத்தது ஹீமோகுளோபின் ஈ என்ற வேறொரு மாற்றம். கிழக்கே பர்மாவிலும் தாய்லாந்திலும் மிகுதியாக உள்ளது அது. அரிவாள் அணு கிடைக்கவில்லை.

மலேரியா என்ற யோசனை வேறொரு வழியாக வந்தது. 1940களில் அமெரிக்காவில் இத்தாலிய வம்சாவளியினரிடையே தலசீமியாவை ஆராய்ந்தவர்களுக்கு ஒரு கணக்கு உதைத்தது. தலசீமியாவில் ஹீமோகுளோபின் சங்கிலி பிழையாக உருவாவதில்லை, போதுமான அளவில் உருவாவதில்லை. இரு பக்கத்திலிருந்தும் பெற்ற குழந்தைகள் அன்று வளர்ந்து ஆளாவதில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுக்கள் இப்படிச் செத்துப்போனால் அது எப்போதோ அருகியிருக்க வேண்டுமே? புதிதுபுதிதாகத் திரிபு தோன்றிக்கொண்டே இருக்கலாம் என்று அவர்கள் எண்ணினார்கள். ஜே.பி.எஸ். ஹால்டேன் அதை ஏற்கவில்லை. இத்தாலியருக்கு மட்டும் அவ்வளவு திரிபு ஏன் வர வேண்டும்? காவிகளின் சிறிய செங்குழியங்கள் மலேரியாவைத் தாங்குவதில் மேலாக இருக்கக்கூடும் என்று 1949இல் அச்சான உரையில் சொன்னார். பின்னர் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, இந்தியக் குடியுரிமையும் பெற்று, 1964இல் புவனேசுவரத்தில் இறந்தவர் அதே ஹால்டேன்தான்.

அவர் சொன்னதை ஒரு கிராமத்துக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். அரிவாள் அணுக் காவிகள் ஐந்தில் ஒருவராக உள்ள இடத்தில் ஆயிரம் குழந்தைகள் பிறக்கின்றன என்று கொள்வோம். ஏறக்குறைய 792 பேர் சாதாரணமானவர்கள், 196 பேர் காவிகள், 12 பேர் நோயோடு பிறந்தவர்கள். அந்த 12 பேரும் இறந்தால், ஊரிலுள்ள 220 அரிவாள் மரபணுக்களில் 24 போய்விடுகின்றன. ஒன்பதில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. அடுத்த தலைமுறையிலும் அதே விகிதம் நீடிக்க வேண்டுமானால் சாதாரண மரபணுக்களும் அதே அளவில் போக வேண்டும். அதற்கு 792 பேரில் 97 பேர் மலேரியாவால் இறக்க வேண்டும், காவிகள் தப்ப வேண்டும். பன்னிரண்டு பிள்ளைகள் ஒரு பக்கம், தொண்ணூற்றேழு பிள்ளைகள் மறுபக்கம். அரிவாள் மரபணு ஓர் ஊரில் அந்த அளவில் நிலைத்திருந்தால், அந்த ஊர்த் தாய்மார் காலங்காலமாகப் புதைத்த குழந்தைகளின் எண்ணிக்கையைத்தான் அது காட்டுகிறது.

கணக்கு ஒத்துவந்தால் மட்டும் போதாது. முதல் நேரடிச் சோதனை கிழக்கு ஆபிரிக்காவில் நடந்தது. கென்யாவில் வளர்ந்த அந்தோனி அலிசன், 1954இல் தம் முடிவுகளை வெளியிட்டார். லுவோ இனத்து வளர்ந்த ஆண்கள் முப்பது பேர் சம்மதித்து முன்வந்தார்கள், பாதிப் பேர் காவிகள். எல்லோருக்கும் ஃபல்சிபாரம் தொற்ற வைக்கப்பட்டது. காவியல்லாத 15 பேரில் 14 பேருக்கு இரத்தத்தில் ஒட்டுண்ணி பெருகியது. காவிகள் 15 பேரில் இருவருக்கு மட்டுமே. இன்று எந்த ஒழுக்கக் குழுவும் இப்படியொரு சோதனைக்கு அனுமதி தராது. ஆனால் பின்னர் கென்யக் கரையோர மருத்துவமனைகளில் குழந்தைகளிடம் செய்த நீண்ட ஆய்வுகளும் அதையே சொல்லின: கடுமையான மலேரியாவுக்கு எதிராகக் காவிகளுக்கு ஏறத்தாழ 90 வீதப் பாதுகாப்பு. சாதாரணக் காய்ச்சலுக்கு எதிராக அவ்வளவு இல்லை. தொற்றைத் தடுப்பதைவிட மரணத்தைத் தடுப்பதே இதன் வேலை.

இரண்டாவது சோதனைதான் ஸ்பெங்லருக்குக் கிடைக்காதது. நீலகிரியில் உயரத்தோடு கூடவே மக்களும் மாறுகிறார்கள். தோடரும் இருளரும் வேறு வேறு வரலாறுடையவர்கள். ஆகவே அரிவாள் அணுவின் வேறுபாடு மலேரியாவினாலா, வம்சத்தினாலா என்று அந்த மலையை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. ஒரே மொழி, ஒரே வம்சம், உயரம் மட்டும் வேறு என்ற இடம் வேண்டும். இத்தாலியின் சார்தீனியாத் தீவு அப்படியொன்று. கரையோரச் சதுப்புநிலக் கிராமங்களில் நூற்றாண்டுகளாக மலேரியா, மலைக் கிராமங்களில் மிகக் குறைவு. 1961இல் சினிஸ்கல்கோவும் மோட்டுல்ஸ்கியும் கூட்டாளிகளும் அங்கே கண்டதை வெளியிட்டார்கள். தலசீமியாவும் ஜி6பிடி என்ற நொதியக் குறைபாடும் தாழ்நிலக் கிராமங்களில் மிகுந்து, மேலே போகப்போகக் குறைந்தன. இரண்டும் வேறு வேறு குறைபாடுகள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மரபணுக்கள். அவை இரண்டும் ஒரே காய்ச்சலின் எல்லையோடு ஏறி இறங்கின.

1986இல் பசிபிக்கின் மெலனீசியத் தீவுகளில் இது இன்னும் இறுக்கமாகச் செய்யப்பட்டது. அல்பா தலசீமியா மலேரியாவின் அளவோடு கூடிக் குறைந்தது. ஆனால் மலேரியாவோடு சம்பந்தமில்லாத மற்ற மரபணு அடையாளங்கள் அப்படிக் கூடிக் குறையவில்லை. மக்கள் இடம்பெயர்ந்ததனால் வந்த ஒழுங்கு என்றால் எல்லா அடையாளங்களும் சேர்ந்தே அசைந்திருக்கும்.

லேமனின் இனக் கருத்துக்கு மூன்றாவது அடி டி.என்.ஏ. ஆய்விலிருந்து வந்தது. அரிவாள் மரபணுவைச் சுற்றியுள்ள பகுதி இந்தியரிடமும் ஆபிரிக்கரிடமும் ஒரே மாதிரி இல்லை என்று 1980களில் தெரிந்தது. இந்தியாவிலும் கிழக்கு அரேபியாவிலும் உள்ளது ஒரு வடிவம்; அது ஆசியாவில் தனியே தோன்றியது என்று பலர் கொண்டார்கள். ஒரே தோற்றம்தான் என்று அண்மையில் வாதிடுவோரும் உண்டு. தோற்றம் ஒன்றோ பலவோ, ஓரிருவரிடம் தோன்றியதை ஊரெங்கும் பெருக்கியது மலேரியாதான் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இந்திய வடிவம் உள்ளவர்களிடம் சிசுப்பருவத்து ஹீமோகுளோபின் அதிகம் மிஞ்சியிருப்பதால் நோய் பெரும்பாலும் மட்டாக இருக்கும். அப்படியானால் மேலே போட்ட கணக்கில் 12 பேரும் இறப்பதில்லை, மரபணுவை நிலைநிறுத்த அத்தனை மலேரியா மரணங்களும் தேவையில்லை.

ஜி6பிடியின் கதை மருந்திலிருந்து தொடங்கியது. அமெரிக்காவின் ஸ்டேட்வில் சிறையில் கைதிகளிடம் மலேரியா மருந்துகளைச் சோதித்தார்கள். பிரிமாகுவின் கொடுத்தபோது, கறுப்பினக் கைதிகளில் சிலருக்கு மட்டும் சில நாட்களில் செங்குழியங்கள் உடைந்து சிறுநீர் கறுத்தது. அவர்களின் குழியங்களில் ஜி6பிடி நொதியம் குறைவு என்று 1956இல் கண்டார்கள். ஒட்சியேற்றத்தின் தாக்கத்திலிருந்து செங்குழியத்தைக் காக்கும் நொதியம் அது. மத்தியதரைக்கடல் நாடுகளில் ஃபாவா அவரை தின்று மஞ்சளாகிப் போனவர்களும் இதே குறைபாடு உள்ளவர்களே. இந்த மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் ஆண்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். உலக வரைபடத்தில் மலேரியாவோடு இது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் யாருக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதில், ஆண்களுக்கா பெண் காவிகளுக்கா என்பதிலும்கூட, ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அரிவாள் அணுவுக்குள்ள உறுதியை இதற்குக் கொடுக்க முடியாது.

நம் நாட்டின் உதாரணம் ஒன்றையும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். 1934-35இல் இலங்கையில் மலேரியா கொள்ளைநோயாகி ஏறக்குறைய 80,000 பேரைக் கொன்றது. குருநாகல், கேகாலைப் பக்கங்கள் மோசமாக அடிபட்டன. இன்று இலங்கையில் தலசீமியா நோயாளிகளுக்குப் பெரிய சிகிச்சை நிலையம் குருநாகலில் இருக்கிறது. இரண்டையும் இணைத்து, அந்தக் கொள்ளைநோய்தான் இந்த நோயைக் கொடுத்தது என்று சொல்ல ஆசை வரும். அது ஸ்பெங்லரின் வழி. ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களில் 80,000 பேர் போன ஒரு பருவம் மரபணுவின் விகிதத்தை அசைக்கப் போதாது. தலைமுறை தலைமுறையாக, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் குழந்தைகளைக் கொண்டுபோன மலேரியாதான் அதைச் செய்யும். கொள்ளைநோய் வந்த இடங்கள் பெரும்பாலும், வழக்கமாக மலேரியா குறைவாக இருந்ததால் எதிர்ப்பாற்றல் இல்லாமலிருந்த இடங்கள்.

இலங்கையில் உள்ளூர்த் தொற்றாக வந்த கடைசி மலேரியா நோயாளி 2012இல் பதிவானார். 2016இல் உலக சுகாதார அமைப்பு அந்நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. டாவோஸின் உயரத்துக்கு மலேரியா எட்டவே எட்டாது. ஆனால் காவலுக்குக் காரணமான பகை போனதும் காவல்காரன் போய்விடுவதில்லை. முன்னே போட்ட ஊரில் மலேரியாவை முற்றாக நீக்கிவிட்டால், அடுத்த தலைமுறையில் காவிகள் நூற்றுக்கு 20இலிருந்து 18 ஆவார்கள். பாதியாகக் குறைய ஏறக்குறைய பத்துத் தலைமுறைகள், அதாவது 250 ஆண்டுகள் வேண்டும். சுவிஸில் நமக்கு ஆகியிருப்பது இரண்டு தலைமுறை. தலசீமியாவுக்கும் ஹீமோகுளோபின் ஈக்கும் விகிதங்கள் சிறியவை என்பதால் குறைவது இன்னும் மெதுவாக இருக்கும்.

ஆகவே இது இங்கே ஒரு நடைமுறைக் கேள்வி. நம் பிள்ளைகளின் இரத்தப் பரிசோதனைத் தாளில் செங்குழியங்கள் சிறியவை என்று வந்தால், இரும்புச்சத்துக் குறைவு என்று மாத்திரை எழுதிக்கொடுப்பது வழக்கம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் குழியங்கள் மிகச் சிறியவையாக இருந்தும் அவற்றின் எண்ணிக்கை குறையாமல், சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சரியாக இருந்தால், தலசீமியாக் காவியா என்று பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் ஏ2 என்ற பகுதி 3.5 வீதத்துக்கு மேல் இருந்தால் பீற்றா தலசீமியாக் காவி என்று கொள்வார்கள். இரும்பு மிகக் குறைந்திருந்தால் அந்த எண் தணிந்து காட்டக்கூடும் என்பதால் முதலில் இரும்பைச் சரிசெய்துவிட்டு அளப்பது நல்லது. அல்பா தலசீமியாவை அந்த அளவீடு காட்டாது. அதற்கு மரபணுச் சோதனை வேண்டும். இரும்புக் குறைவு இல்லாத காவிக்கு மாதக்கணக்கில் இரும்பு கொடுப்பதில் பயனில்லை. பிரிமாகுவின் எடுக்க நேரும் எவரும் முதலில் ஜி6பிடியை அளந்துகொள்ள வேண்டும்.

அரிவாள் அணு தமிழரிடையே பரவலாக இல்லை, நீலகிரி போன்ற சில இடங்களோடு நிற்கிறது. ஆனால் அதன் காவி ஒருவர் டாவோஸுக்கு வந்து, 2,800 மீட்டருக்கு மேலுள்ள வைஸ்ஃப்ளூ உச்சிக்குக் கம்பிவண்டியில் ஏறினால், அங்குள்ள ஒட்சிசன் குறைவில், மிக அரிதாக, மண்ணீரலில் இரத்தம் அடைபட்டு இடது விலாவுக்குக் கீழே கடும் வலி எடுக்கக்கூடும். அடிவாரத்தில் உயிர் காத்த அதே குழியம்தான் அதைச் செய்கிறது.

திருமணப் பேச்சில் இது வரும்போது நம்மவர்கள் கூசுகிறார்கள். குடும்பத்தில் ‘இரத்தக் குறை’ என்று சொன்னால் சம்பந்தம் முறியுமோ என்று மறைக்கிறார்கள். காவி ஒருவர் காவியல்லாதவரை மணந்தால் பிள்ளைகளுக்கு நோய் வராது. இருவரும் காவிகள் என்றால் மட்டும், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அப்போதும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் கருவிலேயே பார்த்தறிய வழியிருக்கிறது. இதற்கு இருவரும் ஒருமுறை இரத்தம் கொடுத்தால் போதும். மறைத்துவைக்க இதில் எவருடைய குற்றமும் இல்லை. வன்னியிலோ வடமத்தியிலோ ஒரு மழைக்காலத்தில் உடன்பிறந்தவர்கள் காய்ச்சலில் போக, எப்படியோ பிழைத்து வளர்ந்து பிள்ளை பெற்ற ஒருவரிடமிருந்து அது வந்திருக்கிறது.